சுடாத வெயிலும் புற்றுநோயும்: ஒரு முரண்பாட்டின் வரலாறு

சூரிய ஒளியைத் தாங்காத பரம்பரை நோய்களுள் இரண்டு மருத்துவ வரலாற்றில் நெடுங்காலம் ஒரு புதிராக அருகருகே நின்றன. முதலாவதை வியன்னாவின் தோல்நோய் மருத்துவர் மோரிட்ஸ் கபோசி 1874-இல் தம் ஆசிரியர் ஃபெர்டினாண்ட் ஹெப்ராவுடன் எழுதிய பாடநூலில் விவரித்தார். குழந்தைப் பருவத்திலேயே முகத்திலும் கைகளிலும் கரும்புள்ளிகள் தோன்றும். தோல் வறண்டு சுருங்கும். சில ஆண்டுகளில் அதே இடங்களில் புற்றுக்கட்டிகள் எழும். வறண்ட தோல், நிறமாற்றம் ஆகிய இரண்டையும் சேர்த்து இந்நோய் பின்னர் சீரோடெர்மா பிக்மென்டோசம் எனப் பெயர் பெற்றது. சுருக்கமாக எக்ஸ்.பி. என்பர்.

இரண்டாவதை 1936-இல் லண்டன் மருத்துவர் எட்வர்டு காக்கெய்ன் எழுதினார். உடன்பிறந்த இரு குழந்தைகளின் வளர்ச்சி குன்றியிருந்தது, விழித்திரை சிதைந்திருந்தது, செவித்திறன் குறைந்திருந்தது. இந்நோயுள்ள குழந்தைகளின் தோலும் வெயிலில் எளிதில் கன்றிவிடும். ஆயினும் ஒரு வேறுபாடு மருத்துவர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. எக்ஸ்.பி. உள்ளவர்களுக்குத் தோற்புற்றுநோய் ஏறத்தாழ விதி போன்றது. இருபது வயதுக்கு உட்பட்டோரிடம் மெலனோமா அல்லாத தோற்புற்றுநோய்க்கான வாய்ப்பு பொதுமக்களைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு என அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. காக்கெய்ன் நோயிலோ வெயில் தோலைச் சுடுகிறது, ஆனால் புற்றுநோய் வருவதில்லை. ஒரே வெயில், ஒரே தோல். விளைவு மட்டும் ஏன் இவ்வாறு பிரிகிறது? இக்கேள்விக்கு விடை கிடைத்த கதைதான், உயிரணு தன் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் முறை அறியப்பட்ட கதையும் ஆகும்.

வெட்டி எடுக்கப்படும் பழுது

புறஊதாக் கதிர் டி.என்.ஏ. மீது விழும்போது, ஒரே இழையில் அடுத்தடுத்து அமைந்த இரு பிரிமிடின் காரங்கள், பெரும்பாலும் இரு தைமின்கள், ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்கின்றன. இந்த ஒட்டுக்கு டைமர் என்று பெயர். டச்சு ஆய்வாளர்களான பியூக்கர்ஸ், பெரண்ட்ஸ் ஆகியோர் 1960-இல் இதனை இனங்கண்டனர். டைமர் இருக்கும் இடத்தில் டி.என்.ஏ.வைப் படிக்கும் நொதிகள் தடுமாறுகின்றன. இரட்டிப்பாதல் தடைப்படும், தடையைத் தாண்ட முயன்றால் தவறான காரம் சேர்ந்து சடுதிமாற்றம் நிலைபெறும்.

உயிரணு இதனை எவ்வாறு சரிசெய்கிறது என்பது 1964-இல் ஏறத்தாழ ஒரே காலத்தில் மூன்று ஆய்வகங்களில் வெளிப்பட்டது. ஓக் ரிட்ஜில் ரிச்சர்டு செட்லோவும் வில்லியம் கேரியரும் கதிர்பட்ட பாக்டீரியங்களை வளரவிட்டு, அவற்றின் டி.என்.ஏ.வை அமிலத்தில் இட்டனர். நீண்ட டி.என்.ஏ. இழைகள் அமிலத்தில் கரையாமல் படியும். சிறு துண்டுகள் கரைந்துவிடும். தொடக்கத்தில் படிவில் இருந்த டைமர்கள் நேரம் செல்லச் செல்லக் கரைசலுக்குள் வந்து சேர்ந்தன. அவை பிரிக்கப்படவில்லை, துண்டாக வெட்டி வெளியேற்றப்பட்டிருந்தன என்பதே இதன் பொருள். கதிருக்கு எளிதில் மடியும் பாக்டீரிய வகையில் டைமர்கள் படிவிலேயே தங்கிவிட்டன. யேல் பல்கலைக்கழகத்தில் பாய்ஸும் ஹோவர்டு-ஃப்ளாண்டர்ஸும் இதே முடிவை எட்டினர். ஸ்டான்போர்டில் டேவிட் பெட்டிஜானும் ஃபிலிப் ஹனவால்ட்டும் மறுபாதியைக் கண்டனர்: வெட்டிய இடங்களில் புதிய டி.என்.ஏ. சிறு ஒட்டுகளாகச் சேர்க்கப்படுகிறது. எதிர் இழை பழுதுபடாமல் இருப்பதால், அதனையே அச்சாகக் கொண்டு இடைவெளி நிரப்பப்படுகிறது. நியூக்ளியோடைடு வெட்டிநீக்கல் பழுதுபார்ப்பு என்பது இதுவே.

நாளிதழிலிருந்து நுண்ணோக்கிக்கு

மனித உயிரணுக்களில் இதே வேலை நடக்கிறதா என்பதைக் காண ஒரு வழி அதே 1964-இல் கிடைத்தது. ராஸ்முசனும் ராபர்ட் பெயின்ட்டரும், கதிரியக்க ட்ரிடியம் சேர்த்த தைமிடினைக் கதிர்பட்ட உயிரணுக்களுக்கு அளித்து, அவற்றின் மீது ஒளிப்படப் பசையைப் பூசினர். டி.என்.ஏ. புதிதாக உருவாகும் இடத்தில் பசையில் வெள்ளித் துகள்கள் கருமையாகத் தோன்றும். இரட்டிப்பாகும் பருவத்தில் இருக்கும் உயிரணுவின் உட்கரு அடர்கருமையாகும். அப்பருவத்தில் இல்லாத உட்கருக்களிலும் கதிர் பட்டபின் துகள்கள் மெல்லத் தூவியதுபோல் காணப்பட்டன. இரட்டிப்பாதலுக்கு உரிய நேரத்தில் அல்லாமல் நிகழ்வதால் இதனைக் காலம்சாராத் தொகுப்பு என்று அழைக்கலாம். உண்மையில் இது பழுதுபார்த்த ஒட்டுகளின் கணக்கு.

சான் பிரான்சிஸ்கோவில் பெயின்ட்டரின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் கிளீவர், பழுதுபார்க்கும் திறனற்ற மனித உயிரணு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பாக்டீரியாவில் அத்தகைய வகைகளைக் கொண்டே முன்னேற்றம் நிகழ்ந்திருந்தது. எக்ஸ்.பி. பற்றி உள்ளூர் நாளிதழ் ஒன்றில் வந்த செய்தி அவர் கண்ணில் பட்டது. வெயிலால் புற்றுநோய் வரும் நோய் என்றால், அதில் பழுதுபார்ப்பு குன்றியிருக்கக்கூடும் என அவர் கருதினார். நோயாளிகளின் தோலிலிருந்து வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்களில் சோதித்தபோது, உட்கருக்களில் துகள்கள் மிகக் குறைவாகவே இருந்தன. 1968-இல் வெளிவந்த இக்கட்டுரை, மனிதப் புற்றுநோய் ஒன்றை டி.என்.ஏ. பழுதுபார்ப்பின் குறையோடு முதன்முறையாக நேரடியாக இணைத்தது. மறு ஆண்டு செட்லோவும் உடன்பணியாற்றியவர்களும் இந்த உயிரணுக்களில் முதற்படியாகிய வெட்டுதலே நிகழவில்லை எனக் காட்டினர்.

வெட்டும் வேலைக்கு ஒரே ஒரு நொதி போதும் என்று அப்போது எண்ண இடமிருந்தது. ராட்டர்டாமில் டி வீர்டு-கஸ்டலீன், டிர்க் பூட்ஸ்மா ஆகியோரின் குழு 1972-இல் அந்த எண்ணத்தை மாற்றியது. இருவேறு நோயாளிகளின் உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைத்து, இரு உட்கருக்கள் கொண்ட ஓர் உயிரணுவாக ஆக்கினர். தனித்தனியே பழுதுபார்க்க இயலாத அவ்விரு உட்கருக்களும், ஒரே உறைக்குள் வந்தபோது இயல்பான அளவில் துகள்களைக் காட்டின. ஒருவரிடம் இல்லாத புரதம் மற்றவரிடம் இருந்தது. ஒன்றையொன்று ஈடுசெய்ய இயலாதவை ஒரே குழு. ஈடுசெய்பவை வேறு குழு. இந்த எளிய தர்க்கத்தால் ஏ முதல் ஜி வரை ஏழு குழுக்கள் படிப்படியாக அறியப்பட்டன. ஏழு குழுக்கள் எனில் குறைந்தது ஏழு மரபணுக்கள். எட்டாவதாக, வெட்டிநீக்கல் இயல்பாகவே இருந்தும் நோயின் தோற்றம் கொண்ட ஒரு மாறுவகையும் இருந்தது. அதில் குறை வேறிடத்தில் உள்ளது: டைமரைத் தாண்டிச் சரியாக நகலெடுக்கும் சிறப்பு பாலிமரேஸ் அவர்களிடம் இல்லை என்பது 1999-இல் தெரியவந்தது.

சராசரி மறைத்த உண்மை

காக்கெய்ன் நோயாளிகளின் உயிரணுக்கள் இதே சோதனைக்கு வந்தபோது புதிர் இன்னும் இறுகியது. அவை புறஊதாக் கதிரில் எளிதில் மடிந்தன. ஆனால் காலம்சாராத் தொகுப்பு முற்றிலும் இயல்பாக இருந்தது. பழுது பார்க்கப்படுகிறது, ஆனாலும் உயிரணு பிழைக்கவில்லை. பழுதுபார்ப்புக்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லையோ என்று கருதவும் காரணம் இருந்தது.

1982-இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் லின் மேய்னும் ஆலன் லேமனும் கேள்வியை மாற்றி அமைத்தனர். டி.என்.ஏ. எவ்வளவு சேர்க்கப்பட்டது என்று கேட்பதற்குப் பதிலாக, கதிர் பட்டபின் ஆர்.என்.ஏ. உருவாவது எப்போது மீள்கிறது என்று அவர்கள் அளந்தனர். கதிர் பட்டவுடன் எந்த உயிரணுவிலும் படியெடுத்தல் சரிகிறது, ஏனெனில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் டைமரில் முட்டி நின்றுவிடுகிறது. இயல்பான உயிரணுவில் சில மணி நேரத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பும். காக்கெய்ன் உயிரணுவில் திரும்பவில்லை. பழுதுபார்ப்பின் மொத்தக் கணக்கு சரியாக இருந்தும், படியெடுக்கப்படும் மரபணுக்களில் மட்டும் ஏதோ நடக்கவில்லை என்பதற்கான முதற் குறிப்பு இதுவே.

அக்குறிப்பின் பொருளை விளக்கியது ஹனவால்ட்டின் ஆய்வகம். அதுவரை பழுதுபார்ப்பு என்பது மரபணுத்தொகை முழுவதற்குமான சராசரியாகவே அளக்கப்பட்டது. ஒரு மாவட்டத்தின் சராசரி மழையளவு ஒரு குறிப்பிட்ட ஏரி நிரம்பியதா என்பதைச் சொல்லாது. வில்ஹெல்ம் போர், ஹனவால்ட் முதலியோர் 1985-இல் சீன வெள்ளெலியின் உயிரணுக்களில் ஒரே ஒரு மரபணுவை மட்டும் தனித்து நோக்கினர். ஃபோலேட் வேதிமாற்றத்துக்குத் தேவையான டி.ஹெச்.எஃப்.ஆர். என்னும் அம்மரபணு எப்போதும் படியெடுக்கப்பட்டுக்கொண்டிருப்பது. டைமர் உள்ள இடத்தில் மட்டும் இழையை வெட்டும் நொதியைக் கொண்டு, எத்தனை டைமர்கள் எஞ்சியுள்ளன என எண்ணினர். 26 மணி நேரத்தில் அம்மரபணுப் பகுதியில் மூன்றில் இரு பங்குக்கு மேல் டைமர்கள் நீங்கியிருந்தன. மரபணுத்தொகை முழுவதிலும் நீங்கியது சுமார் 15 சதவீதம் மட்டுமே.

இரண்டு ஆண்டுகள் கழித்து இசபெல் மெல்லன், கிரேசியெலா ஸ்பிவாக், ஹனவால்ட் மூவரும் அம்மரபணுவின் இரு இழைகளையும் பிரித்து அளந்தனர். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் படிக்கும் இழையில் 4 மணி நேரத்தில் 80 சதவீத டைமர்கள் நீங்கின. அதற்கு நேர் எதிரே உள்ள இழையில் 24 மணி நேரம் ஆகியும் நீங்கியது மிகக் குறைவு. வேகத்துக்குக் காரணம் மரபணுவின் திறந்த அமைப்பு மட்டும் என்றால் இரு இழைகளும் ஒரே வேகத்தில் சரியாகியிருக்க வேண்டும். ஆகவே முட்டி நிற்கும் பாலிமரேஸே பழுதுபார்ப்போரை அழைக்கும் அறிகுறியாகிறது என்பது உறுதியாயிற்று.

ஒரு கூடத்துக்கு இரண்டு வாயில்கள்

இந்த அளவீட்டு முறையை நோயாளிகளின் உயிரணுக்களுக்குக் கொண்டு சென்றபோது புதிர் அவிழ்ந்தது. 1990-இல் லெய்டனின் வெனெமாவும் அவர்தம் குழுவினரும் காக்கெய்ன் உயிரணுக்களில் படியெடுக்கப்படும் மரபணுக்களுக்குரிய விரைவுப் பழுதுபார்ப்பு இல்லை எனக் காட்டினர். மறு ஆண்டு எக்ஸ்.பி.யின் சி-குழு உயிரணுக்களில் இதற்கு நேர்மாறான நிலை காணப்பட்டது. அங்கு படியெடுக்கப்படும் இழை நன்றாகப் பழுதுபார்க்கப்பட்டது. மரபணுத்தொகையின் ஏனைய பகுதி கைவிடப்பட்டது.

பழுதுபார்க்கும் கூடம் ஒன்றுதான். அதற்கு வாயில்கள் இரண்டு. முதல் வாயிலில் எக்ஸ்.பி.சி. புரதம் மரபணுத்தொகை முழுவதும் சுற்றி, இரட்டைச்சுருள் வளைந்து நெகிழ்ந்த இடத்தைத் தேடுகிறது. அது டைமரை நேரடியாகப் பிடிப்பதில்லை. டைமரால் குலைந்த எதிர் இழையைப் பற்றிக்கொள்கிறது. தைமின் டைமர் சுருளை மிகக் குறைவாகவே குலைப்பதால், அதனை முன்கூட்டிக் கண்டு காட்டும் வேலையை இ-குழுவின் புரதம் செய்கிறது. இரண்டாம் வாயிலில் தேடல் இல்லை. முட்டி நின்ற ஆர்.என்.ஏ. பாலிமரேஸைச் சி.எஸ்.பி., சி.எஸ்.ஏ. என்னும் இரு புரதங்கள் அடையாளங்கண்டு உதவியை அழைக்கின்றன. காக்கெய்ன் நோயில் பழுதாவது இவ்விரண்டில் ஒன்றே.

எந்த வாயில் வழி வந்தாலும் அதன்பின் செயல் ஒன்றே. டி.எஃப்.டூ.ஹெச். என்னும் கூட்டமைப்பு வந்து சேர்கிறது. அதன் உறுப்புகளான பி, டி குழுப் புரதங்கள் இழைகளைப் பிரித்துத் திறக்கின்றன. எக்ஸ்.பி.ஏ. புரதம் பழுது இருப்பதை உறுதிசெய்ய உதவி, வெட்டும் நொதிகளை இடத்தில் நிறுத்துகிறது. எஃப்-குழுப் புரதம் ஒரு பக்கமும் ஜி-குழுப் புரதம் மறுபக்கமும் வெட்ட, டைமரைத் தாங்கிய 24 முதல் 32 நியூக்ளியோடைடுகள் கொண்ட துண்டு வெளியேறுகிறது. இடைவெளியைப் பாலிமரேஸ் நிரப்பி, லைகேஸ் ஒட்டுகிறது. கிளீவர் நுண்ணோக்கியில் எண்ணிய துகள்கள் இந்த இறுதி நிரப்புதலின் தடயங்களே.

ஆய்வகத்துக்கு வரும் நான்கு நோயாளிகளின் உயிரணுக்களை இப்போது இரண்டு அளவுகளால் பிரித்தறியலாம். ஏ-குழுவில் கூடமே பழுது. ஆகவே காலம்சாராத் தொகுப்பும் இல்லை, ஆர்.என்.ஏ. மீள்வதும் இல்லை. சி-குழுவில் தொகுப்பு இயல்பின் 10 முதல் 20 சதவீத அளவில் நிற்கும், ஆனால் ஆர்.என்.ஏ. மீண்டுவிடும். காக்கெய்னில் தொகுப்பு இயல்பு, ஆர்.என்.ஏ. மீளாது. படியெடுக்கப்படும் இழைகள் மொத்த மரபணுத்தொகையில் சிறு பங்கே ஆதலால், அவற்றின் இழப்பு துகள் கணக்கில் தெரிவதில்லை. முந்தைய ஆய்வாளர்களின் குழப்பத்துக்குக் காரணம் இதுவே. மாறுவகையில் இரண்டும் இயல்பாக இருக்கும். அதனைக் கண்டறிய வேறு சோதனை வேண்டும்.

சுடுவதும் சிதைவதும் வேறு

வெயிலில் தோல் கன்றுவது என்பது, முட்டி நின்ற பாலிமரேஸ்களை விடுவிக்க இயலாத உயிரணுக்களின் மரணத்தோடு நெருங்கிய தொடர்புடையது. இரண்டாம் வாயில் பழுதானால் கன்றல் கடுமையாகும். ஆனால் மடிந்த உயிரணு புற்றாவதில்லை. அதோடு காக்கெய்னில் முதல் வாயில் நன்றாக இயங்குவதால், மரபணுத்தொகையின் டைமர்கள் இரட்டிப்பாதலுக்கு முன் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. முரண்பாட்டுக்கு இன்று தரப்படும் விளக்கம் இதுதான்.

சி-குழுவில் நிலைமை தலைகீழ். படியெடுத்தல் மீள்வதால் உயிரணு பிழைத்துக்கொள்கிறது. ஆனால் கைவிடப்பட்ட டைமர்களைச் சுமந்தபடியே பெருகுகிறது. இதற்குச் சான்று கட்டிகளிலேயே எழுதப்பட்டுள்ளது. இந்நோயாளிகளின் தோற்கட்டிகளில் பி53 மரபணுவின் சடுதிமாற்றங்களை 1993-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். அவை பிரிமிடின்கள் அடுத்தடுத்து அமைந்த இடங்களில், அதுவும் பெரும்பாலும் படியெடுக்கப்படாத இழையில் இருந்தன. இரண்டாம் வாயில் காத்த இழை தப்பியது. காக்காத இழையில் புற்றின் விதை விழுந்தது.

காக்கெய்ன் நோயின் எல்லாத் துன்பங்களையும் இவ்விளக்கத்துக்குள் அடக்க இயலாது. ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட புறஊதாக் கூர்உணர்வு நோய் அதற்குத் தடை. அந்நோயாளிகளின் உயிரணுக்கள் சோதனையில் காக்கெய்ன் உயிரணுக்களைப் போலவே நடந்துகொள்கின்றன. ஆயினும் அவர்களுக்கு வெயிலில் கன்றும் தோல் மட்டுமே குறை, வளர்ச்சியும் நரம்பும் இயல்பு, புற்றுநோயும் இல்லை. 2012-இல் இதற்குக் காரணமான மரபணுக்களுள் ஒன்று அறியப்பட்டது. அதன் புரதமும் இரண்டாம் வாயிலில் பணியாற்றுவதே. ஆகவே புறஊதாப் பழுது நீங்காமை மட்டுமே குழந்தையின் மூளையையும் வளர்ச்சியையும் சிதைத்துவிடுவதில்லை. முட்டிய பாலிமரேஸை அகற்றும் வேலையும் காக்கெய்னில் தவறுகிறது என்பது இன்று முன்வைக்கப்படும் விளக்கங்களுள் வலுவானது.

இவ்வரலாறு மருத்துவமனைக்குக் கொடுத்த பாடம் சற்றுக் கொடுமையானது. சி, இ குழுக்களையும் மாறுவகையையும் சேர்ந்த குழந்தைகளின் தோல் வெயிலில் பிறரைப்போலவே நடந்துகொள்கிறது; அளவுக்கு மீறிக் கன்றுவதில்லை. எனவே பெற்றோர் அஞ்சுவதற்குக் காரணம் காண்பதில்லை. ஏ-குழுக் குழந்தையோ சில நிமிட வெயிலில் கொப்புளமிட்டு, கைக்குழந்தைப் பருவத்திலேயே மருத்துவரிடம் வந்துவிடுகிறது. அன்றுமுதல் அதன் தோல் காக்கப்படுகிறது. இங்கிலாந்தில் 89 எக்ஸ்.பி. நோயாளிகளை விரிவாக ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த கட்டுரை இதன் விளைவைப் பதிவுசெய்தது: கடுமையாகக் கன்றும் குழுக்களைவிடக் கன்றாத குழுக்களிலேயே தோற்புற்றுநோய் மிகுதி. வலி எச்சரித்தவர்கள் முன்னரே பாதுகாக்கப்பட்டனர். எச்சரிக்கப்படாதவர்கள் தாமதமாகவே கண்டறியப்பட்டனர்.

இரண்டு வயது நிரம்புமுன் முகத்தில் பரவும் கரும்புள்ளிகள், கன்றல் இல்லாவிடினும், சோதனைக்குப் போதுமான காரணம். கபோசி வியன்னாவில் எழுதிவைத்ததும் அப்புள்ளிகளைப் பற்றியே. அவற்றைக் கண்ட மருத்துவர், குழந்தை வெயிலில் அழுததா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிட்டால், முதல் வாயிலின் பழுதை அவர் தவறவிட்டவராவார்.